மலை முகட்டில் விரித்த வலை

நுவரெலியாவுக்கோ ஹோட்டன் சமவெளிக்கோ கல்விச் சுற்றுலா போய் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அதிகாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கிறோம். மழை பெய்யவில்லை. ஆனால் வெள்ளைப் புகை போன்ற மூடுபனி காற்றோடு வந்து நம்மைக் கடந்து போகிறது. சிறிது நேரத்தில் பர்தாவின் ஓரம் ஈரமாகிவிடுகிறது. மூக்குக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு எதிரே எதுவும் தெரிவதில்லை. வேலியில் கட்டியிருந்த சிலந்தி வலையைப் பார்த்தால், ஒவ்வொரு இழையிலும் மணி கோத்ததுபோல் நீர்த்துளிகள் தொங்குகின்றன.

வானத்திலிருந்து விழாத இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைக் குடத்தில் சேர்க்க முடியுமா? ஒரு கிராமமே குடிக்கும் அளவுக்குச் சேர்க்க முடியுமா?

மொரோக்கோ நாட்டின் தென்மேற்கில் உள்ள ஒரு வறண்ட மலையில் இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடையில் விஞ்ஞானம் ஒரு பாதி. மற்றப் பாதியை அறிய, தென்னமெரிக்காவில் உள்ள சிலி நாட்டின் ஒரு மீனவக் கிராமத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் முறையாகப் பார்ப்போம்.

பூத்மெஸ்கிதா மலை

மொரோக்கோவின் அத்திலாந்திக் கரையில் சிதி இஃப்னி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டை நோக்கிப் போனால் எதிர் அட்லஸ் மலைத்தொடர் தொடங்கும். கடலிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில், 1225 மீற்றர் உயரத்தில் நிற்பது பூத்மெஸ்கிதா மலை. சஹாராப் பாலைவனம் இங்கிருந்து தூரமில்லை. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 150 மில்லிமீற்றரை எட்டாது. நமது நாட்டில் மிக வறண்ட பகுதி என்று சொல்லப்படும் மன்னாரில்கூட இதைப்போலப் பல மடங்கு மழை பெய்கிறது.

மலைச் சரிவுகளில் அமாசிக் இன மக்களின் சிறு கிராமங்கள் உண்டு. பெய்யும் கொஞ்ச மழையை நிலத்தடித் தொட்டிகளில் பிடித்து வைப்பார்கள். அது தீர்ந்ததும் தூரத்துக் கிணறுகளுக்கு நடக்க வேண்டும். தண்ணீர் சுமப்பது பெண்களின் வேலை. கழுதையின் மேல் கலன்களை ஏற்றிக்கொண்டு போய் வருவதில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழிந்துவிடும். சிறுமிகளும் கூடப் போவார்கள். வரட்சி நீடித்தால் கிணறும் வற்றிவிடும். பிறகு பவுசரில் வரும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிணறு வற்றிக் கிடந்தாலும், அந்த மலையின் உச்சியை ஆண்டில் ஏறத்தாழ 140 நாட்கள் மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. தண்ணீர் தேடி இறங்கிப் போனவர்களின் தலைக்கு மேலாகவே தண்ணீர் மிதந்து போய்க்கொண்டிருந்தது.

மழையில்லாத இடத்தில் மூடுபனி ஏன்?

அந்தக் கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே கனாரி நீரோட்டம் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் ஓடுகிறது. அதன்மேல் வீசும் ஈரக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி ஒடுங்கி, கடலின் மேல் தாழ்வான முகிற்படையாகிறது. அந்தப் படைக்கு மேலே வெப்பமான, வறண்ட காற்று ஒரு மூடிபோல அமர்ந்திருக்கிறது. மூடி இருப்பதால் முகில் மேலெழுந்து தடித்து மழையாக முடியாது. அது தட்டையாகப் பரவி, காற்று தள்ளும் திசையில் கரையை நோக்கி நகரும்.

நகரும் முகில் மலையில் வந்து மோதுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மலையில் படிந்த முகில். மலைச் சரிவில் நிற்பவருக்கு அதுவே மூடுபனி. இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்பானப் போத்தலின் வெளிப்புறத்தில் நீர் அரும்புவதைப் பார்த்திருப்போம். அது காற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நீராவி, குளிர்ந்த போத்தலில் பட்டு நீராவது. மூடுபனி வலை அப்படி வேலை செய்வதில்லை. வலை எதையும் குளிர்விப்பதில்லை. மூடுபனியில் தண்ணீர் ஏற்கெனவே துளியாகத்தான் இருக்கிறது. வலையின் வேலை அந்தத் துளியைப் பிடித்துக்கொள்வது மட்டுமே. ஆகவே காற்று எவ்வளவு ஈரப்பதமாக இருந்தாலும், மூடுபனி இல்லாத இடத்தில் வலை கட்டினால் ஒரு சொட்டும் விழாது.

துளி எப்படி அகப்படுகிறது?

மூடுபனித் துளி மிக மிகச் சிறியது. 20 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள ஒரு துளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றரை ஐம்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியது என்பதால் அது தானாகக் கீழே விழாமல் காற்றோடு மிதக்கிறது. இப்படிப்பட்ட பத்து இலட்சம் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சாதாரண மழைத்துளி உருவாகும். இந்தச் சேர்க்கையைத்தான் வலை செய்கிறது.

வேகமாகப் போகும் பஸ் திடீரென வளைவில் திரும்பினால் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம் சாய்கிறோம் அல்லவா? பஸ் திரும்பிவிடுகிறது, நமது உடல் முன்பு போன நேர்திசையிலேயே போகப் பார்க்கிறது. வலையின் இழைக்கு முன்னால் நடப்பதும் அதுவே. காற்று இலேசானது. இழையைக் கண்டதும் இரு பக்கமாக விலகி வளைந்து போய்விடும். நீர்த்துளி காற்றைவிடப் பாரமானது. அதனால் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இன்னொரு துளி, அதன்மேல் மற்றொன்று. துளி பெருத்துப் பாரமானதும் இழையை விட்டு வழுகி, கீழே இறங்கும் வழியில் மற்றத் துளிகளையும் அள்ளிக்கொண்டு வலையின் அடியில் உள்ள பீலியில் சொட்டுகிறது.

பஸ் மெதுவாகத் திரும்பினால் நாம் சாய்வதில்லை. அதேபோல, மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் காற்று வீசாவிட்டால் துளி இழையில் மோதாது. புதிய மூடுபனியும் வலையைத் தேடி வராது. ஆகையால் வலைக்குத் தேவை இரண்டு: மூடுபனி, அதைத் தள்ளிக்கொண்டு வரும் காற்று.

அப்படியானால் வலைக்குப் பதிலாக ஒரு தகரத்தை நிறுத்தி வைத்தால் கூடுதலான தண்ணீர் கிடைக்காதா? கிடைக்காது. காற்று தகரத்தைத் தூரத்திலேயே உணர்ந்து சுற்றிப் போய்விடும். போகும்போது துளிகளையும் கொண்டு போகும். காற்று ஊடே புகுந்து போக வழி இருந்தால்தான் துளிகள் இழைக்கு அருகே வரும். மறுபக்கம், வலை மிகவும் ஐதாக இருந்தால் பெரும்பாலான துளிகள் எதிலும் படாமல் கடந்துவிடும். நெருக்கமும் கூடாது, ஐதும் கூடாது.

இந்தக் காரணத்தால் உலகின் பல இடங்களில் பயன்பட்டது ராஷல் என்ற பின்னல் முறையில் செய்த பிளாஸ்டிக் வலை. நாற்றுமேடைக்கு நிழலுக்காகக் கட்டும் வலையைப் போன்றதே அது. வலைப் பரப்பில் சுமார் 35 சதவீதத்தை இழைகள் மறைத்திருக்கும், மீதி வெளி. அதை ஒற்றையாகக் கட்டாமல் இரண்டு படையாகக் கட்டுவார்கள். காற்றில் இரண்டு படைகளும் ஒன்றோடொன்று உரசும்போது ஒட்டியிருக்கும் துளிகள் உதிர்ந்து கீழே இறங்கும். அப்படி இறங்காவிட்டால் துளிகள் வலைக்கண்களை அடைத்துவிடும். அடைபட்ட வலை தகரத்தைப் போலாகிவிடும்.

ஒரு சதுர மீற்றரில் எவ்வளவு?

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீற்றர் மூடுபனியில் 0.2 கிராம் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பெரிய அலுமாரி அளவு காற்றில் சில சொட்டுத்தான். காற்று விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீற்றர் வலையை நோக்கி விநாடிக்கு 5 கன மீற்றர் மூடுபனி வருகிறது. அதில் உள்ள தண்ணீர் 1 கிராம். ஒரு மணித்தியாலத்தில் 3600 கிராம், அதாவது 3.6 லீற்றர்.

வந்தது எல்லாம் அகப்படாது. ஐந்தில் ஒரு பங்கு அகப்பட்டால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.7 லீற்றர் கிடைக்கும். மூடுபனி எட்டு மணித்தியாலம் நின்றால் அந்த ஒரு சதுர மீற்றர் வலை ஐந்தரை லீற்றருக்கு மேல் தரும். காற்றின் வேகம் பாதியானால் வரும் தண்ணீரும் பாதிக்குக் கீழே போய்விடும். ஒரே மலையில் முகட்டில் நிறுத்திய வலை நிறையத் தருவதும், முகட்டுக்குப் பின்னால் ஒதுக்கமான பள்ளத்தில் நிறுத்திய வலை காய்ந்து கிடப்பதும் இதனால்தான்.

ஆகவே பெரிய வலை கட்டுவதற்கு முன் அளந்து பார்க்கிறார்கள். ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் உயரமும் கொண்ட ஒரு சட்டத்தில் வலையைக் கட்டி, அதன் அடிப்பக்கம் நிலத்திலிருந்து இரண்டு மீற்றர் உயரத்தில் இருக்கும்படி நிறுத்துவார்கள். கீழே பீலி, பீலியிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு கலன். எங்கும் இதே அளவில் கட்டுவதால் ஓரிடத்துப் பலனை இன்னோரிடத்தோடு ஒப்பிட முடிகிறது. சாத்தியமான பல இடங்களில் இப்படி நிறுத்தி, குறைந்தது ஓர் ஆண்டாவது தினமும் கலனை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டு என்பது ஏன்? மூடுபனி எல்லா மாதத்திலும் வருவதில்லை. நல்ல பருவத்தில் ஒரு மாதம் மட்டும் அளந்து முடிவெடுத்தால், மீதி மாதங்களில் கிராமம் தாகத்தோடு நிற்கும்.

வலையிலிருந்து வீட்டுக்கு

பூத்மெஸ்கிதாவில் இந்த வேலையைத் தொடங்கியவர் அந்தப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட அய்சா தெர்ஹம் என்ற கணிதவியலாளர். மூடுபனியிலிருந்து தண்ணீர் எடுக்கும் முறையைப் பற்றி அவர் அறிந்துகொண்டார். கனாரித் தீவுகளுக்கு இது புதிதல்ல. அங்கே எல் ஹியெரோ தீவில் கரோயே என்று பெயர்பெற்ற ஒரு மரம் இருந்தது. மூடுபனி அதன் இலைகளில் பட்டுச் சொட்டிய நீரைத் தீவின் பழங்குடிகள் குழிகளில் சேர்த்துக் குடித்தார்கள். 1610ஆம் ஆண்டு ஒரு புயல் அந்த மரத்தைச் சாய்த்துவிட்டது. தன் சொந்த மலையிலும் மூடுபனி இருப்பது தெர்ஹத்தின் நினைவுக்கு வந்தது.

அவரும் ஜமீலா பர்காஷ் என்ற பெண் ஆய்வாளரும் நடத்திய தார் சி ஹமத் என்ற அமைப்பு, கனடாவைச் சேர்ந்த ஃபொக்குவெஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு சிறு வலைகளை நிறுத்திப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. அதன் பின்னரே பெரிய வலைகள் எழுந்தன. 2015ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி, உலக நீர் தினத்தன்று, 600 சதுர மீற்றர் வலைகளிலிருந்து ஐந்து கிராமங்களின் சுமார் 400 பேருக்குக் குழாய் வழியே தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

வலை முகட்டில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கிராமங்கள் கீழே இருக்கின்றன. வலையின் பீலியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து வடிகட்டிகளைத் தாண்டி, சரிவில் பதித்த குழாய்கள் வழியே தன் பாரத்தாலேயே வீடுகளுக்கு இறங்குகிறது. நீரைக் கீழே கொண்டு போக மோட்டார் தேவைப்படுவதில்லை.

மூடுபனித் தண்ணீர் பொதுவாகச் சுத்தமானது. ஆனால் வலை திறந்த வெளியில் நிற்கிறது. மூடுபனி இல்லாத வாரங்களில் பாலைவனத் தூசு அதில் படியும். பறவைகள் வந்து அமரும். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் மூடுபனி வலையைக் கழுவும் நீர். நமது வீடுகளில் கூரைத் தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் மழையை விட்டுவிடுவதைப் போல, அந்த முதல் நீரைத் தொட்டியில் விடாமல் வெளியேற்ற வேண்டும். பிறகு மணல் வடிகட்டி தூசை நிறுத்தும். புறவூதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். தொட்டி மூடியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், வலையிலிருந்து தூய்மையாக வந்த நீர் குழாயில் வரும்போது குடிக்கத் தகாததாகிவிடும்.

எவ்வளவு கிடைத்திருக்கும்? மீண்டும் ஒரு கணக்கு. மூடுபனி வரும் நாளொன்றில் ஒரு சதுர மீற்றர் 10 லீற்றர் தருவதாகக் கொண்டால் 600 சதுர மீற்றர் தருவது 6000 லீற்றர். 140 நாட்களில் 8 இலட்சத்து 40 ஆயிரம் லீற்றர். கேட்க மிகப் பெரிதாக இருக்கிறது. ஆனால் இதை 365 நாளுக்கும் 400 பேருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஆறு லீற்றர்கூட வராது. அதாவது குடிக்கவும் சமைக்கவும் காணும். துணி துவைக்கக் காணாது. தோட்டத்துக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூடுபனி வலை பயிருக்கு நீர் பாய்ச்சும் முறையல்ல. அதன் நீர் குடங்கணக்கில் அளந்து பாவிக்க வேண்டிய நீர். அதனால்தான் வீடுகளில் நீர்மானி பொருத்தி, பாவித்த அளவுக்குக் கட்டணம் வாங்கும் ஒழுங்கும் செய்யப்பட்டது. அந்தப் பணம் பராமரிப்புக்கு உதவும்.

வலையைக் கிழித்த காற்று

வலைக்குக் காற்று வேண்டும் என்று பார்த்தோம். அதே காற்றுத்தான் வலையின் எதிரியும். நனைந்து பாரமான வலை கப்பற் பாய்போல் காற்றைத் தாங்கி நிற்கிறது. பூத்மெஸ்கிதாவில் வீசிய பலத்த காற்றில் சாதாரண வலைகள் கிழிந்தன. கிழிசல் பெரும்பாலும் வலையைக் கம்பியோடு கட்டிய இடத்தில் தொடங்கும். அங்கே சிறிய பிரிவைக் கண்டவுடன் தைத்துவிட்டால் போதும். விட்டுவிட்டால் அடுத்த காற்றில் வலை முழுவதும் பிளந்துபோகும்.

இதற்காக ஜேர்மனியின் நீர் அறக்கட்டளை என்ற அமைப்பும் தார் சி ஹமத்தும் சேர்ந்து, பல வகை வலைகளை அதே மலையில் அருகருகே நிறுத்திச் சோதித்தன. அதிலிருந்து கிளவுட்ஃபிஷர் என்ற புதிய வகை வந்தது. பெயரின் பொருள் முகில் மீனவர். இதில் தடித்த பின்னல் வலையின் பின்னால் உறுதியான பிளாஸ்டிக் சட்டம் ஒன்று தாங்கலாக நிற்கிறது. வலை கம்பியோடு இறுகக் கட்டப்படாமல் இறப்பர் இழுவைகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. காற்று தள்ளும்போது இறப்பர் நீண்டு கொடுத்துப் பின்பு பழைய நிலைக்குத் திரும்பும். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்கும்படி இது அமைக்கப்பட்டது. பழைய வலைகளின் இடத்தில் இந்தப் புதிய வலைகள் ஏறின. வலைப் பரப்பும் கூட்டப்பட்டது.

சுங்குங்கோவில் நடந்தது

இனி சிலி நாட்டுக்குப் போவோம். அங்கே கரையோரத்தில் சுங்குங்கோ என்ற மீனவக் கிராமம். சுமார் 330 பேர். குடிநீர் லொறியில் வரும். சுமார் 40 கிலோமீற்றர் தூரத்திலிருந்து. ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 14 லீற்றர்தான். கிராமத்துக்கு மேலே எல் தோஃபோ என்ற மலையில் கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம் இருந்தது. அந்த முகட்டில் 1980களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் வலைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 12 மீற்றர் நீளம், 4 மீற்றர் உயரம்; அதாவது 48 சதுர மீற்றர். ஆண்டு முழுவதற்குமான சராசரியாக ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் கிடைத்தது.

75 வலைகளுக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 10,800 லீற்றர். 330 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 33 லீற்றர் அளவில் வரும். லொறித் தண்ணீரைவிட இரு மடங்குக்கும் அதிகம். 1992இல் இந்தத் தண்ணீர் நீண்ட குழாய் வழியே கிராமத்துக்கு இறங்கியது. வீட்டு முற்றங்களில் மரக்கறித் தோட்டங்கள்கூட முளைத்தன. வலைகளின் எண்ணிக்கை பின்னர் நூறு அளவுக்கு உயர்ந்தது. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட கிராமம் அது.

ஆனால் 2000களின் தொடக்கத்தில் அந்த வலைகள் கைவிடப்பட்டுக் கிடந்தன. கிராமத்துக்குத் தண்ணீர் மறுபடியும் லொறியில் வந்தது.

மூடுபனி நின்றுபோகவில்லை. கணக்கும் பிழைக்கவில்லை. தண்ணீர் வந்ததும் கிராமம் வளர்ந்தது, புதியவர்கள் குடியேறினார்கள், கோடையில் விடுமுறைக்கு வருவோரும் கூடினார்கள். பங்கிடும் ஆட்கள் கூடியபோது தலைக்குக் கிடைக்கும் நீர் குறைந்தது. அதற்கேற்ப வலைகளைக் கூட்டவில்லை. கிழிந்த வலையைத் தைப்பது யார், வெடித்த குழாயை மாற்றுவது யார், அதற்கான பணம் யாருடைய கையில் என்பவற்றுக்குத் தெளிவான விடை இல்லாமல் போனது. வலைகளை அமைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்ததும் போய்விட்டார்கள். கிராமத்தவரில் பலர் மலைமேல் இருக்கும் வலைகளைத் தற்காலிக ஏற்பாடு என்றே கருதி, நகரத்தில் இருப்பதைப் போன்ற நிரந்தரக் குழாய் நீரைக் கேட்டு நின்றார்கள். இதற்கிடையே ஒவ்வொரு காற்றும் ஒவ்வொரு வலையாகக் கொண்டுபோனது.

பிழை எங்கே தொடங்கியது என்று தண்ணீரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. குழாயில் நீர் குறைந்தால் மூடுபனி குறைந்திருக்கலாம், வலை கிழிந்திருக்கலாம், பீலி அடைத்திருக்கலாம், குழாய் ஒழுகலாம். முகட்டில் சிறிய அளவு வலை ஒன்று தனியே நின்றால் இதைக் கண்டுபிடிக்கலாம். சிறிய வலையின் கலன் வழக்கம்போல் நிறைந்து, பெரிய வலைகளின் தொட்டி மட்டும் குறைந்திருந்தால், குறை வானத்திலல்ல, நம் ஏற்பாட்டில்தான். ஆனால் அதைப் பார்க்க ஒருவர் மலையேற வேண்டும். சுங்குங்கோவில் அந்த ஒருவர் இல்லாமல் போனார்.

சாவி யார் கையில்?

பூத்மெஸ்கிதாவில் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டார்கள். அந்தக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைச் சுமந்தவர்கள் பெண்கள். எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு இருக்கும், குடிக்க எவ்வளவு, கால்நடைக்கு எவ்வளவு என்று கணக்கு வைத்திருந்தவர்களும் அவர்களே. குழாய் வந்தவுடன் சுமை இறங்கியது நல்ல காரியம். ஆனால் குழாய், வால்வு, நீர்மானி என்று எல்லாம் ஆண்களின் பொறுப்பாகிவிட்டால், தண்ணீரைப் பற்றி மிக நன்றாக அறிந்தவர்கள் வெளியே நிற்க நேரிடும்.

ஆகவே பெண்களுக்குக் கையடக்கத் தொலைபேசியில் செய்தி அனுப்பப் பயிற்சி கொடுத்தார்கள். குழாய் ஒழுகினால், நீர் வராவிட்டால், நிறம் மாறினால் உடனே தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு. எழுத்தறியாத பெண்கள் பலர் எழுத்தைக் கற்க இதுவே ஒரு காரணமாயிற்று. கிழிசலைக் கண்டவுடன் தைத்தால் வலை பிழைக்கும் என்று முன்னே பார்த்தோம். ஒழுகலைக் கண்டவுடன் சொல்வதற்கு ஆள் இருப்பதும் அதே வகையான தையல்தான்.

இதைப் படித்ததும், நமது நாட்டிலும் இந்த வலைகளைக் கட்டலாமே என்று தோன்றும். வலைக்குத் தேவையானவற்றை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி வரும் மூடுபனி, அதைத் தள்ளும் காற்று, அதோடு வேறு நீர் கிடைக்காத நிலைமை. மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் வரட்சி உண்டு. மூடுபனி சூழும் மலைமுகடு இல்லை. ஹோட்டன் சமவெளியிலும் நக்கிள்ஸ் மலைகளிலும் மூடுபனி உண்டு; அங்கே மழையும் ஓடைகளும் உண்டு. அந்த மலைகளில் வலையின் வேலையை ஏற்கெனவே காடு செய்துகொண்டிருக்கிறது. முறுக்கிய கிளைகளிலும் அவற்றில் படர்ந்த பாசியிலும் மூடுபனி பட்டு, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கி ஆறுகளுக்குப் போகிறது. அந்தக் காடு கருகினால், முகில் நம்மையும் தொடாமல் கடந்துதான் போகும்.

அடுத்த முறை மலைநாட்டுக்குப் போகும்போது, மூடுபனியில் ஒரு மரத்தின் கீழ் சிறிது நேரம் நின்று பாருங்கள். திறந்த வெளியில் ஒன்றும் விழாதபோது மரத்தின் கீழே தோளில் சொட்டுகள் விழும். அந்தச் சொட்டைத்தான் பூத்மெஸ்கிதா மலையில் ஐந்து கிராமத்தவர் வலையில் பிடித்துக் குடத்தில் சேர்த்தார்கள்.